தேதி வந்தது தொண்ணூற்றாறு

அந்த இன்சூரன்ஸ் கிளையில் அவளை எல்லோரும் சல்லடைக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். உறைகளுக்குப் பசை தடவ வந்து, பதினேழு வருஷத்தில் புதுப்பிப்புப் பிரிவு மேசைக்கு நகர்ந்திருந்தாள். மாதம் பிறந்தால் யார் யாருக்குப் பிரீமியம் கட்டும் தேதி வருகிறது என்று பட்டியல் எடுப்பாள், கடிதம் போடுவாள், கட்டாதவர்களைப் போனில் கூப்பிடுவாள். போனில் மட்டும் அவள் குரல் எடுபடும். நேரில் நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். மீட்டிங்கில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

கண் மட்டும் சும்மா இருக்காது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கல்லையும் தவிட்டையும் தனியாகப் பிரித்துத்தான் திருப்பித் தருவாள். அதனால் வந்த பெயர் அது.

கிளையின் விற்பனைத் தலைவர் வேலை இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கைக்குக் கிளையின் ஆயிரத்து நூறு பழைய வாடிக்கையாளர்களும் போவார்கள். சல்லடைக்காவுக்குக் கவலை அதுதான். முன்பிருந்த புண்ணியவான் என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரியும். பழைய பாலிசியில் ஏஜெண்டுக்கு வருகிற கமிஷன் சொற்பம், புதுப் பாலிசியின் முதல் வருஷக் கமிஷன் கொழுத்தது. ஆகவே வீடு வீடாகப் போய், "இந்தப் பழசை விட்டுடுங்க, புதுசு போட்டுக்கலாம்" என்று தேன் தடவினார். பன்னிரண்டு வருஷம் கட்டிய பாலிசியைப் பாதி விலைக்கு விட்டுக்கொடுத்த தையல்கார அம்மா ஒருத்தி, இவள் மேசைக்கு முன்னால் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த ஆளுக்கு அந்த வருஷம் கேடயம் கொடுத்தார்கள்.

இப்போது இன்னொருவர் வந்திருந்தார். வந்தது பயோடேட்டாதான், ஆனால் ஆளே வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. வழவழ தாளில் நாலு பக்கம். முதல் பக்கத்தில் கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் எதையோ வாங்கப் போகிறவர் போலப் பார்க்கும் படம். அடியில் கலர் கலராகப் படிக்கட்டு மாதிரி கட்டங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட உயரம். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டதில் 'தொலைநோக்கு' என்ற சொல் ஐந்து தடவை. சல்லடைக்கா எண்ணினாள்.

"பாத்தீங்களாக்கா?" மேனேஜர் நாற்காலியோடு சுழன்றார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். டையைத் தளர்த்திக்கொண்டால் சிந்திப்பதாக அர்த்தம். "மூணு லைசென்ஸ். எம்பத்தேழு பர்சன்ட் ரினியூவல். ரெண்டரைக் கோடி போர்ட்ஃபோலியோ. இந்த மாதிரி ஆள் நம்ம கிளைக்கு வர்றதே நம்ம அதிர்ஷ்டம்."

"சரி சார்."

"அந்தச் சரிபார்ப்புத் தாளை மட்டும் போட்டுக் கையெழுத்து வெச்சுடுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆளே வர்றாரு. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

சரிபார்ப்புத் தாளில் மூன்று கட்டங்கள்: லைசென்ஸ், புதுப்பிப்பு விகிதம், வாடிக்கையாளர் தொகுப்பு. அடியில் புதுப்பிப்புப் பிரிவின் கையெழுத்து. அது இல்லாமல் தலைமை அலுவலகம் வேலை உத்தரவு போடாது. இத்தனை வருஷமாக எல்லா மேனேஜர்களுக்கும் அது ஒரு ஃபார்மாலிட்டிதான்.

முதல் கட்டம் சுலபம். பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் லைசென்ஸ் எண்களைக் கொடுத்தாள். அரசாங்கப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"அக்கா, ஆயுள் காப்பீட்டு லைசென்ஸ் சரியா இருக்கு. பொதுக் காப்பீடு போன வருஷம் ஆரம்பத்துலயே காலாவதி."

"மூணாவது?"

"இது லைசென்ஸ் நம்பரே இல்லக்கா. பயிற்சி வகுப்புக்குப் போன ரசீது நம்பர்." அந்தப் பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் மவுஸை விட்டுவிட்டாள். "பரீட்சையே எழுதல போல. நான் டிரைவிங் ஸ்கூல் வாசல்ல நின்னதையும் பயோடேட்டால போட்டுக்கவா?"

சல்லடைக்கா சிரிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். 'கடந்த ஆண்டு இறுதியில் ஒரே மாதத்தில் அறுபது வாகனக் காப்பீடு விற்றுச் சாதனை.' வாகனம் பொதுக் காப்பீடு. லைசென்ஸ் ஆண்டின் ஆரம்பத்திலேயே செத்துவிட்டது. செத்த லைசென்ஸில் விற்றதைச் சாதனை என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். மறைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாத மனுஷன்.

இரண்டாவது கட்டம்தான் அவளுடைய கட்டம். எண்பத்தேழு சதவீதம் என்றால் நல்ல எண். ஊரிலேயே நல்ல ஏஜெண்டுகளுக்குத்தான் வரும். அவள் பேனாவை எடுத்துப் பழைய உறை ஒன்றின் முதுகில் எழுதினாள். இப்போது இருக்கும் கம்பெனியில் அவர் சேர்ந்து இருபது மாதம். விற்ற ஆயுள் பாலிசி நானூறு. எல்லாமே வருஷத்துக்கு ஒருமுறை பிரீமியம் கட்டுவது. அதையும் அவரே பெருமையாக எழுதியிருந்தார். இன்று நடப்பில் இருப்பது முந்நூற்று நாற்பத்தெட்டு. நானூற்றில் முந்நூற்று நாற்பத்தெட்டு எண்பத்தேழு சதவீதம். கணக்கு சரிதான்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு பெருமை: 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் மட்டும் 304 பாலிசி. கம்பெனியின் நட்சத்திர விற்பனையாளர்.'

பேனா நின்றது. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்ற பாலிசிக்கு இரண்டாவது பிரீமியம் கட்டும் தேதியே வரவில்லை. தேதி வராததை எப்படிப் புதுப்பிப்பது? இன்னும் அடுப்பிலேயே ஏற்றாத அரிசியை வெந்த சோறோடு சேர்த்து எண்ணியிருக்கிறார். நானூற்றில் முந்நூற்று நாலு போனால் மீதி தொண்ணூற்றாறு. தேதி வந்தது அவ்வளவுதான். நின்றுபோன ஐம்பத்திரண்டும் அதில்தான். புதுப்பித்தவர்கள் நாற்பத்து நாலு பேர். நூற்றுக்கு நாற்பத்தாறு.

பாதிக்கு மேல் ஆட்கள் ஒரு வருஷத்திலேயே ஓடிவிட்டார்கள். இவர் கையில்தான் ஆயிரத்து நூறு பேரைக் கொடுக்கப்போகிறார்கள்.

வீட்டில் அன்று அவள் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் லாரி ஓட்டும் புருஷன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "என்ன, மறுபடியும் எவன் எழுதினதுலயோ கல்லு பொறுக்கிட்டியா?"

"நாளைக்குப் பேசணுங்க."

"நீயா? ஆபீஸ்லயா?" அவன் வாயில் வைத்ததை விழுங்கிவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னான். "போன்ல பேசற மாதிரி பேசு. மூஞ்சியப் பாக்காத. தாளப் பாத்துப் படி."

மறுநாள் கோட்டுக்காரர் வந்தார். வாசனை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். மேனேஜர் கதவுவரை போய் அழைத்துவந்தார். தன் வீட்டுச் சம்பந்திக்குக்கூட அவ்வளவு செய்திருக்கமாட்டார். சல்லடைக்கா தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"இவங்க எங்க ரினியூவல் டெஸ்க். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்," என்றார் மேனேஜர்.

"ஓ, தாராளமா," என்று கோட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். தங்க நிறத்தில் மின்னியது. அவள் வாங்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நானூறு பாலிசில, ரினியூவல் தேதி வந்தது எத்தனைங்க?"

"மொத்தமே எம்பத்தேழு பர்சன்ட்டும்மா."

"அது தெரியும். தேதி வந்தது எத்தனை?"

கோட்டுக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டையைத் தளர்த்தினார்.

"அதாவது... ஓவரால் பிக்சரா பாக்கணும். தனித்தனியா பாத்தா புரியாது."

"தொண்ணூத்தாறுதான் வந்திருக்கு. அதுல ஐம்பத்திரண்டு போயிடுச்சு." அவள் விரல் தாளில் அடுத்த வரிக்கு நகர்ந்தது. "ரெண்டரைக் கோடின்னு போட்டிருக்கீங்க. கடைசிப் பக்கப் பட்டியல்ல ஒரே தவணையா கட்டின பாலிசி ஒண்ணு தொண்ணூறு லட்சத்துக்கு, நீங்க சேர்றதுக்கு முன்னாடி தேதியில. அது யாருதுங்க?"

"அது எங்க மாமனார். முந்தின கம்பெனில போட்டது." முதல்முறையாக அவர் உண்மையை உடனே சொன்னார்.

"ஒரே தவணைன்னா திரும்பக் கட்ட வேண்டியதில்ல. அப்ப அதுல வருஷா வருஷம் வர்றது ஒண்ணும் இல்ல. மாமனாரையும் நம்ம கிளைக்குக் கூட்டிட்டு வருவீங்களா?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கம்ப்யூட்டர் பெண் இருமுவது போல் எதையோ சமாளித்தாள்.

"அறுபது வண்டி வித்தது லைசென்ஸ் முடிஞ்சப்புறம்," என்று சல்லடைக்கா கடைசியாகச் சேர்த்தாள். அதை ரொம்பச் சின்னக் குரலில்தான் சொன்னாள்.

கோட்டுக்காரருக்குக் கோபம்கூட வரவில்லை. தன்னம்பிக்கை வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே புன்னகையோடு, "டீடெய்ல்ஸ்ல இவ்வளவு கவனமா இருக்கிற டீமோட வேலை செய்ய ஆசைப்படறேன்," என்று கை குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கியதும் மேனேஜர் கதவைச் சாத்தினார். "அக்கா, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. லைசென்ஸைப் புதுப்பிச்சுக்கலாம். நீங்க எம்பத்தேழுன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. அவர் எழுதினதைத்தானே நாம எழுதறோம்?"

"தாள்ல 'சரிபார்க்கப்பட்டது'ன்னு இருக்கே சார்."

"அதான், பாத்தாச்சுல்ல?"

இவர் மேனேஜர் ஆனதும் இதே மாதிரி ஒரு பயோடேட்டாவால்தானோ என்று அவளுக்குத் தோன்றியது. அவர் மேசையிலேயே குனிந்து, முதல் கட்டத்தில் 'மூன்றில் ஒன்று மட்டும் செல்லும்' என்று எழுதினாள். இரண்டாவதில் 'தேதி வந்தது 96, புதுப்பித்தது 44'. மூன்றாவதில் 'தொண்ணூறு லட்சம் ஒரே தவணை, மாமனார், பழைய கம்பெனி'. கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் அதைக் கிழிக்கலாம். கிழித்தால் இன்னொன்று அவள் கையால்தான் எழுதப்படவேண்டும். அதை அவரும் புரிந்துகொண்டார் என்பது அவர் கழுத்து சிவந்ததில் தெரிந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து நாலாம் நாள் இரண்டு வரி வந்தது: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நுணுக்கமாக ஆராய்ந்த கிளை மேலாளருக்குப் பாராட்டு. மேனேஜர் அதை அச்செடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். வருகிறவர்களிடம், "நான் ரினியூவலைத் தேதி வந்தது, வராததுன்னு பிரிச்சுத்தான் பாப்பேன், அது என் பழக்கம்," என்று சொல்ல ஆரம்பித்தார்.

கோட்டுக்காரர் ஒன்றும் நஷ்டப்படவில்லை. ஆறு வாரத்தில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கம்பெனியில் அதே வேலையில் சேர்ந்தார். அங்கே சேர்க்குமுன் ஒரு பெண் சல்லடைக்காவைப் போனில் கூப்பிட்டு, ஆள் எப்படி என்று கேட்டாள்.

"ரினியூவல் தேதி வந்தது எத்தனைன்னு அவர்கிட்டயே கேளுங்க," என்றாள் சல்லடைக்கா.

"எதுக்குங்க? தொண்ணூத்தொண்ணு பர்சன்ட்னு போட்டிருக்காரே."

போனை வைத்துவிட்டு அவள் தன் பட்டியலை எடுத்தாள். ஆயிரத்து நூறு பேரில் அந்த மாதம் தேதி வந்தவர்கள் எழுபத்து மூன்று பேர். முதல் ஆளின் நம்பரை அழுத்தினாள்.