பத்திலிருந்து ஒன்று வரை

மரக்காணத்தில் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் ரெஜினா, உப்பளத்தில் லாரிகளில் உப்பை ஏற்றி அனுப்புபவள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போய் ஒன்பதரைக்குத் திரும்புவாள். வந்ததும் டிரைவர்களோடு போனில் கத்தல். பிறகு ஸ்பீக்கரில் பாட்டு.

எனக்கு வீட்டிலிருந்தே கஸ்டமர் கேர் வேலை. நேற்று மேனேஜர், "பின்னாடி என்ன திருவிழாவா?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு ரெஜினாவிடம் சொன்னேன். "பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் எனக்கு கஸ்டமர் கால் இருக்குது. அதுவரைக்கும் போனை மாடில பேசு. பாட்டுக்கு ஹெட்போன் போட்டுக்கோ."

"சரிக்கா. போன் மாடிலயே பேசிடறேன்" என்றவள், கொஞ்சம் தயங்கினாள். "ஆனா பாட்டு வெக்கிறதே, உங்க பேச்சு கேக்காம தூங்கறதுக்குத்தான்."

இந்த வீட்டுக்கு வந்த எட்டு மாதத்தில், வேலை நேரத்தில் என் அறைக் கதவை இன்றுதான் சாத்தினேன்.