இரண்டாவது ஸ்லைடில் பதினேழு வரி

எங்கள் தெருவில் ஒரு லிப்ட் மெக்கானிக்குக்கு 'ஸ்க்ரூ' என்று பட்டப்பெயர். பன்னிரண்டு வருடம் நான்கு மாதம் ஒரு கம்பெனியில் உழைத்துவிட்டு, தனியாகத் தொழில் தொடங்கியவர். எங்கள் குடியிருப்புக்கு எதிரிலுள்ள மருத்துவமனைதான் அவருடைய ஒரே வாடிக்கை. எங்கள் லிப்டின் பராமரிப்பும் கிடைக்காவிட்டால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும்.

பராமரிப்பை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் சங்கக் குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் மூன்று மணிக்கு அவருக்கு ஒத்திகை. சங்கச் செயலாளரான என்னிடம் அறைச்சாவி இருந்ததால் நானும் உட்கார்ந்திருந்தேன். ஸ்லைடுகளைச் செய்தவன் அவருடைய மைத்துனன். முதலாவதில் பெயர். இரண்டாவதில் பதினேழு வரி: சான்றிதழ் ஆறு, பயிற்சி நான்கு, 'ஈடு இணையற்ற', 'முன்னணி' என்று மிச்சம். ஒரே வாடிக்கை உள்ளவர் எதில் முன்னணி என்று அதில் இல்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்க்ரூவின் மனைவி சிரித்துவிட்டார். "ஏங்க, இது கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுற ஜாதகமா?"

"அக்கா, உனக்கு இதெல்லாம் தெரியாது. கெத்தா இருக்கணும்."

"மூணாவது மாடியில மாட்டிக்கிட்டவனுக்கு உன் கெத்து எதுக்குடா? அவங்க லிப்ட் ஏன் நிக்குதுன்னு இதுல எங்க இருக்கு?"

ஸ்க்ரூ என்னிடம் வந்து லிப்ட் புகார்ப் புத்தகத்தைக் கேட்டார். அரை மணி நேரம் குனிந்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் முதலில் பேசிய பெரிய கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது ஸ்லைடில் விருதுகள் மட்டும் இருபத்து மூன்று. ஒவ்வொன்றையும் வாசித்தார். ஒன்பது உறுப்பினரில் ஆறு பேர் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். ஏழாமவர் தூங்கினார்; அவர் எப்போதும் தூங்குபவர், கணக்கில் சேர்க்கவில்லை.

ஸ்க்ரூவின் இரண்டாவது ஸ்லைடில் மூன்றே வரி:

"உங்கள் லிப்ட் போன வருடம் 14 முறை நின்றது; அதில் 9 முறை மூன்றாவது மாடிக் கதவில்.
இதே மாடல் எதிர் மருத்துவமனையில் என் பராமரிப்பில் உள்ளது: போன வருடம் 2 முறை நின்றது, ஒன்று என் கவனக்குறைவு.
மருத்துவமனைப் பொறியாளரின் எண் கீழே. அவரிடமே கேளுங்கள்."

வாசிக்கவில்லை. "மூணாவது மாடிக் கதவோட பூட்டுல கரண்ட் தொடுற கான்டாக்ட் தகடு தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். திறந்து பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்," என்றார், அவ்வளவுதான். என் புத்தகத்தைப் புரட்டினேன். பதினான்கு. ஒன்பது. சரி.

கைப்பேசிகள் கீழே இறங்கின. தலைவர் அந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ரெண்டு தடவைதான் சார். ஒரு தடவை கதவு சென்சாரைத் துடைக்க மறந்துட்டாரு. அவரே ஒத்துக்கிட்டு, காசு வாங்காம சரி பண்ணாரு."

ஆதரவு ஏழு, எதிர்ப்பு இரண்டு. எதிர்த்தவர்களில் ஒருவர் காரணமும் சொன்னார்: "ஒரு விருது கூட இல்லையே, இவரை எப்படிங்க நம்புறது?" அவர் குடியிருப்பது மூன்றாவது மாடியில். அதையும் கூட்டக் குறிப்பில் எழுதினேன்.