நாற்பதாவது கண்ணாடி

அந்தக் காலை நான் மண்டி மொஹல்லாவில் ஒரு ரப்பர் சாமான் கடையில் நின்றிருந்தேன். கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே ஒட்டுகிற ரப்பர் பட்டை இரண்டு சுருள் குறைந்திருந்தது. கடைக்காரர் சுருளை அளந்துகொண்டிருக்கும்போது என் முதலாளியின் போன் வந்தது.

"மேடம், கண்ணாடி உள்ளே போகலை," என்றார் கன்னடத்தில். "மூணு சென்டிமீட்டருக்கு மேல பெரிசா இருக்குது. ஏன் மாடோது?"

என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை.

நான் வேலை பார்ப்பது இரும்புக் கட்டுமானம் செய்கிற ஒரு சிறிய பட்டறையில். கேட், மாடிப்படி, கூரைச் சட்டம் என்று எது வந்தாலும் அதற்கு வரைபடம் போடுவது என் வேலை. மகள் பிறந்தபின் ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வந்து, பயந்து பயந்து செய்த முதல் பெரிய வேலை இது. நஞ்சன்கூடு சாலையில் ஒரு கல்லூரிக்குச் செடி வளர்க்கும் கண்ணாடி வீடு. இருபத்து நாலு மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் சரிந்த கூரை, நடுவே முகடு. முகட்டிலிருந்து கீழ்விளிம்பு வரை மெல்லிய இரும்புத் தகட்டு ரிப்புகள். இரண்டு ரிப்புக்கு நடுவே ஒரு கண்ணாடி. ஒரு சரிவுக்கு நீளவாக்கில் நாற்பது இடைவெளி, மேலிருந்து கீழாக மூன்று கண்ணாடி. இரண்டு சரிவுக்கும் சேர்த்து இருநூற்று நாற்பது.

அத்தனையும் சூட்டில் பதப்படுத்திய கண்ணாடி. அதைப் பதப்படுத்துவதற்கு முன்னால் வெட்டினால்தான் உண்டு. பிறகு ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைக்கப் பார்த்தாலும் மொத்தமும் சர்க்கரை மாதிரி உதிர்ந்துவிடும். அளவு எழுதிக் கொடுத்தது நான். கையெழுத்தும் என்னுடையது.

ரப்பர் சுருளை வாங்காமலே ஸ்கூட்டரை எடுத்தேன். கடைக்காரர் பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. வழியெல்லாம் மனசுக்குள் கணக்கு. ரிப்பின் நடுவிலிருந்து அடுத்த ரிப்பின் நடுவுக்கு அறுநூறு மில்லிமீட்டர். ரிப்பின் தகடு ஆறு. மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. இரண்டு பக்கமும் மூன்று மூன்று விட்டால் கண்ணாடி ஐந்நூற்று எண்பத்தெட்டு. சரியாகத்தானே வருகிறது? சாமுண்டி மலை பின்னால் போன பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டேன். நாலாம் முறை போட்டபோது ஆறு என்பதே சந்தேகமாகிவிட்டது.

அங்கே போனபோது யாரும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. கண்ணாடிகள் மரச்சட்டங்களில் சாய்த்தபடி, நடுநடுவே காகிதம் வைத்து, அப்படியே நின்றன. இரும்பு எலும்புக்கூடு மட்டும் வெயிலில் பளபளத்தது. கொஞ்சம் தள்ளி, பச்சை வலைக்குக் கீழே பைகளில் நாற்றுகள். அவற்றை வளர்க்கிற தாவரவியல் பேராசிரியை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஃபிட்டர்களின் மேஸ்திரி தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ஹனூர்க்காரர். என் வயதுதான் இருக்கும். எங்களுக்குள் அதற்கு முந்தின வாரம் ஒரு சண்டை நடந்திருந்தது. ரிப்புகளைக் குறுக்குச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு நட்டால் இறுக்கச் சொல்லியிருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் அரை நாளில் முடிகிற வேலை என்றார். வெல்டிங் வைத்தால் மேலே பூசின துத்தநாகம் எரிந்துபோகும், உள்ளே எப்போதும் ஈரம், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும் என்று நான் சொன்னேன். குரல் உயர்ந்தது. கடைசியில் கிளாம்ப்தான் போட்டார், ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

இப்போது அவரே முன்னால் வந்தார்.

"ஏனுங் மேடம், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால ரெண்டு கடைசியிலயும் ஒண்ணொண்ணு வச்சுப் பாக்கறது என்ற பழக்கமுங்க. மேக்கால ஜம்முனு உக்காந்துது. கெழக்கால கடைசி ஓட்டையில போகவே மாட்டேங்குது. வந்து பாருங்."

சாரத்தில் ஏறினேன். சுடிதார் துப்பட்டா ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கிழக்குக் கடைசி இடைவெளியில் டேப்பை வைத்தேன். ஐந்நூற்று ஐம்பத்தைந்து. கண்ணாடி ஐந்நூற்று எண்பத்தெட்டு.

கீழே இறங்கிக் கண்ணாடியை அளந்தேன். எழுதிக் கொடுத்த அளவேதான். இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் ஒரே மாதிரி. அப்படியானால் கண்ணாடி ஆலை தப்புச் செய்யவில்லை. தப்பு இரும்பில், அல்லது என்னிடம்.

"மொத்த நீளம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம் புடிச்சாச்சுங்க. இருவத்திநாலு மீட்டர். மில்லி பிசகலை."

"மத்த ஓட்டையெல்லாம்?"

மறுபடி ஏறினோம். மேற்கிலிருந்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்தார், நான் எழுதினேன். ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஐந்து. ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஐந்து. ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஐந்து. ஏழெட்டு அளந்ததும் அவர் சலித்துக்கொண்டார்.

"எல்லாம் ஒரே மாதிரிதானுங்க இருக்குது. ஒரு மில்லி கூடங்க. ஒரு மில்லியில என்னாயிரப் போகுது?"

எனக்கும் அந்த நிமிஷம் அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு மில்லிமீட்டர் என்பது பென்சில் கோட்டின் கனம். ஆனால் எழுதின தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக அதே எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, முப்பத்தொன்பது பென்சில் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எவ்வளவு அகலம் வரும் என்று தோன்றியது.

"நீள டேப்பைக் குடுங்க," என்றேன்.

மேற்குக் கடைசி ரிப்பில் ஒருவர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அதை விட்டு எண்ணினால் பத்தாவது ரிப்பில் ஆறாயிரம் இருக்கவேண்டும். ஆறாயிரத்துப் பத்து இருந்தது. இருபதாவதில் இருபது அதிகம். முப்பதாவதில் முப்பது. ஒவ்வொரு ரிப்பும் கிழக்கே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நகர்ந்து நகர்ந்து, அத்தனையும் கடைசி இடைவெளியின் தலையில் விழுந்திருக்கிறது.

மேஸ்திரி டேப்பைப் பார்த்தார். பிறகு இறங்கிப்போய்க் கருவிப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த ஓர் இரும்புக் கோலை எடுத்து வந்தார். ரிப்புக்கு நடுவே வைத்து இடைவெளி பார்ப்பதற்காக அவரே வெட்டிக்கொண்ட கோல். டேப்பை அதன்மேல் வைத்தார். ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஐந்து.

"நானே அறுத்ததுங்க," என்றார். "நேத்து சாயங்காலமே கடைசி ஓட்டை ஒடுக்கமாத் தெரிஞ்சுது. வரைபடத்துலயே அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன்."

முகம் சுண்டிப்போயிருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்காட்ட எனக்கு நல்ல சந்தர்ப்பம். ஆனால் கையில் என் வரைபடம் விரிந்திருந்தது. அதில் இடைவெளி ஒவ்வொன்றுக்கும் 'அறுநூறு, அறுநூறு' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அறுநூறு, ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து எண்ணூறு என்று ஒரே முனையிலிருந்து தொடர் அளவாகக் கொடுத்திருந்தால் அவர் கோலே வெட்டியிருக்க மாட்டார். டேப்பை ஒரு தரம் நீட்டி எல்லாக் கோட்டையும் போட்டிருப்பார்.

"கோல் உங்களுது. ஆனா கோல் வெட்ட வச்சது நான்," என்று சொல்லி வரைபடத்தைக் காட்டினேன்.

அவர் அந்த அறுநூறுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். "செரி, ரெண்டு பேருமு மாட்டுனோமுங்க," என்றார். அந்த வாரத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து ரிப்புகளைப் பார்த்து, "நல்லவேளைங்க, வெல்டு வைக்கல," என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு திரும்ப வந்தது. எல்லாம் கிளாம்ப்! நட்டைத் தளர்த்தினால் ரிப்பு நகரும். ஓட்டை போடவேண்டாம், வெட்டவேண்டாம், ஒரு கண்ணாடியைக்கூடத் திருப்பி அனுப்பவேண்டாம். முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் நீளமாக ஒரு "அப்பாடா". தமிழில்தான் சொன்னார்.

பேராசிரியையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். இரண்டு நாள் தாமதமாகும், தப்பு எங்களுடையது என்றேன். அவர் பூவாளியைக் கீழே வைத்தார்.

"கண்ணாடி எப்படியாவது உள்ளே போனால் போதும் என்று கடைசி ரிப்பை மட்டும் தள்ளிவிடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்," என்றார் கன்னடத்தில். உள்ளே அவருடைய பாத்திகள் வடக்கு தெற்காக வரிசை வரிசையாக வரும். ரிப்பின் நிழல் பகல் முழுவதும் அந்த வரிசைகள்மேல் நகர்ந்துகொண்டே போகும். எல்லா வரிசைக்கும் ஒரே அளவு நிழல் விழுந்தால்தான் எந்தச் செடி எதனால் நன்றாக வளர்ந்தது என்று அவரால் சொல்லமுடியும். ஒரு மூலையில் மட்டும் இரும்பு நெருக்கமாக இருந்தால் அந்த வரிசையின் கணக்கே வேறாகிவிடும். "இரண்டு நாள் நாற்றுகள் பொறுக்கும். கோணலை ஒரு வருஷம் நான் பொறுக்கவேண்டும்," என்றார். கோபமில்லை. எனக்கு டீ கொடுத்தார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்தோம். முதலில் கீழ்விளிம்புச் சட்டத்தில் டேப்பை முழுக்க நீட்டி, நான் எண்ணைப் படிக்க, மேஸ்திரி கோடு கிழித்தார். அதே டேப்பை அதே மேற்குமுனையிலிருந்து முகட்டுச் சட்டத்திலும் நீட்டினோம். மேலே ஒரு முனையிலும் கீழே வேறு முனையிலும் தொடங்கினால் ரிப்பு சாய்ந்துவிடும். நட்டுகளைத் தளர்த்தினார்கள். ரிப்புகளை மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மீட்டருக்கு ஒரு கட்டமாக மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு வழியாகவும் அளந்தோம். இரண்டும் சமமாக வந்த பிறகுதான் நட்டை இறுக்கினோம். ஒரு கட்டத்தில் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. நான் பரவாயில்லை என்றேன். அவர் விடவில்லை, அவிழ்த்து மறுபடி செய்தார்.

மறு சரிவையும் முடிக்க அடுத்த நாள் மத்தியானமாகிவிட்டது. முதலாளியும் வந்துவிட்டார். மேஸ்திரி நேராகக் கிழக்குக் கடைசி இடைவெளிக்குத்தான் கண்ணாடியைக் கொண்டுபோகச் சொன்னார். நாலு பேர் ரப்பர் கப்புகளால் கவ்விப் பிடித்துத் தூக்கினார்கள். நான் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பட்டைமேல் கண்ணாடி உட்காரும்போது ஒரு மெத்தென்ற சத்தம் வரும். அது வந்தது.

"மேடம், கண்ணைத் தொறங்," என்றார் மேஸ்திரி மேலிருந்து. நான் கண்ணை மூடியிருந்தது எனக்கே தெரியவில்லை.

இரண்டு பக்கமும் மூன்று மூன்று மில்லிமீட்டர். வெளிச்சம் ஒரு நூலாக அதில் தெரிந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்டு முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, "சாப்டியா நீ?" என்றார். அப்போதுதான் இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நினைவு வந்தது. முட்டை பொரித்துக் கொடுத்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "மம்மி, ஒன் மில்லிமீட்டர்க்கு இஷ்டு டென்ஷனா?" என்றாள். ஆமாம், அதற்குத்தான் இவ்வளவு டென்ஷன் என்றேன்.

கண்ணாடிகள் எல்லாம் ஏறி முடிய மேலும் ஒரு வாரமானது. நாற்று நடுகிற அன்று பேராசிரியை எங்களையும் கூப்பிட்டிருந்தார். உள்ளே ஈர மண் வாசனையும் சூடும். பாத்திகளின் நடுவே நடந்தேன். கூரையின் கட்டங்கள் தரையில் நிழலாக விழுந்திருந்தன. பாத்திக்குப் பாத்தி ஒரே அகலம், எங்கேயும் நெரியாமல், கிழக்குச் சுவர் வரை. மேஸ்திரி ஒரு மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.