கலெக்டர் வைத்த சூப்

என் தங்கை புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் கலெக்டர். வேலை என்னவோ ஒரு கிடங்கில் சாவிக்கொத்தைக் காவல் காப்பதுதான். வீட்டுக்குள் காலை வைத்தால் மட்டும் அதிகாரம் தூள் பறக்கும். சமையலுக்கு மூளை எதற்கு என்று என்னிடமே கேட்டிருக்கிறார். அந்த வாய்க்குத் தினமும் புதுசு புதுசாக வேண்டும், அது வேறு விஷயம்.

நானும் தங்கையும் ஒரே தையல் கடையில் வேலை செய்கிறோம். வாரத்துக்கு ஒரு கோழி வாங்கி அவள் மூன்று நாள் ஓட்டுவாள். ஒரு நாள் ருசி மறுநாள் வராது. ஞாயிறன்று முழுக்கோழியைக் கனத்த சட்டியில் மூடி வேகவைத்து, முறுகவிட்டு, கால்களையும் இறக்கைகளையும் மட்டும் பரிமாறுவாள். நெஞ்சுக்கறி திங்களுக்கு. நார் நாராகப் பிய்த்து, முட்டைக்கோசும் மிளகும் போட்டுச் சோற்றோடு பிரட்டுவாள். செவ்வாயன்று மிச்ச எலும்பெல்லாம் சூப். சட்டியடியில் தங்கிய சாற்றைக்கூட விடமாட்டாள், கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைப்பாள். அது உறைந்து கிடப்பதைப் பார்த்தாலே கலெக்டருக்கு முகம் சுளிக்கும். இந்தக் கருமத்தைத் தூக்கிப் போடு என்பார்.

போன வாரம் அவர்கள் மகளுக்குக் காய்ச்சல். நாலு நாளாக ஒரு வாய் இறங்கவில்லை, பிள்ளை குச்சியாகிவிட்டாள். திங்கள் சாயங்காலம் அவளாகவே நாளைக்கு சூப் வேண்டும் என்று கேட்டாள். தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் கலெக்டருக்கு விடுமுறை. தங்கை எலும்புகளை வெங்காயம், பூண்டோடு சின்னத் தீயில் ஏற்றிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து அணைத்து வடிகட்டி வைக்கச் சொல்லிக் கிளம்பினாள். மொத்தத்தில் ஒரே ஒரு வேலை. இதைக்கூடச் சொல்லித் தரணுமா என்று சிரித்தாராம்.

மதியம் நானும் அவளுடன் போனேன். அடுப்பு மேடையில் ஒரு தட்டு. அதில் வெந்து வெளுத்த எலும்புகள், அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சாறு எங்கே என்றாள் தங்கை. அவர் பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டினார்.

"வெறும் மஞ்சத் தண்ணி, அதைக் கொட்டிட்டேன். சூப்புக்கு வேண்டியதெல்லாம் தட்டுல பத்திரமா இருக்கு."

சீ, இதுவும் ஒரு பிறவியா! உள்ளேயிருந்து பிள்ளை சூப் ஆச்சா என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

தங்கை ஃப்ரிட்ஜிலிருந்து அந்தக் கருமத்தை எடுத்தாள். மேலே படிந்த கொழுப்பை வழித்துவிட்டு, அடியிலிருந்ததை வெந்நீரில் கரைத்தாள். ஒரு கேரட், ஒரு உருளைக்கிழங்கு நறுக்கிப் போட்டுக் குழைய வேகவிட்டு, மசித்து உப்புப் போட்டாள். சரியாக ஒரு கிண்ணம் வந்தது. பிள்ளை சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள், கிண்ணத்தை விரலால் வேறு வழித்தாள்.

கலெக்டர் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். எனக்குச் சாப்பிட என்ன இருக்கு என்று கேட்டார். தங்கை எலும்புத் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க பத்திரமா எடுத்து வச்சதுதான். சாப்பிடுங்க."

நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு எலும்பை எடுத்து மெல்ல ஆரம்பித்தார்.