மெயில்களுக்கு வருகைப் பதிவு எடுத்தேன்

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்கான திருத்தங்களைப் படித்துவிட்டதாக என் நெறியாளரிடம் சொல்லியிருந்தேன். படிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் அவற்றை அவர் மெயிலில் அனுப்பியபோது பொள்ளாச்சிப் பேருந்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டதுதான். வீட்டுப்பாடம் எங்கே என்று ஊர்ப் பிள்ளைகளை மிரட்டும் பள்ளி வாத்தியார் நான். கோவைக் கல்லூரி ஒன்றில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவனும் நானே.

வரும் வெள்ளிக்கிழமை அந்தத் திருத்தங்களோடு ஆய்வுக்குழு முன் நிற்க வேண்டும். போன வியாழக்கிழமை புதுப் போனில் தேடினால் மெயிலைக் காணோம்! மறுபடி அனுப்பச் சொன்னால் பொய் வெளுத்துவிடும்.

மறுநாள் பெட்டியில் மெயில்கள் இன்னும் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே துப்பறியும் முறை வருகைப் பதிவுதான். தினமும் காலையில் பட்டியலின் கடைசியில் நிற்கும் பழைய மெயிலின் தேதியைக் குறித்தேன். திங்கட்கிழமை கல்லூரியின் கணினிப் பிரிவைக் கவனிக்கும் அம்மாவுக்குக் கடிதம் எழுதி மெயிலில் அனுப்பினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் உண்டு.

"மதிப்பிற்குரிய அம்மா, வியாழனன்று போன மாதம் எட்டாம் தேதி மெயில்தான் கடைசி. வெள்ளியன்று ஒன்பது. சனியன்று பத்து. யாரோ பின்வரிசையிலிருந்து நாளுக்கொரு நாளாகத் திருடுகிறார்கள். கடவுச்சொல்லை மாற்றியும் நிற்கவில்லை. தங்கள் உண்மையுள்ள..."

அரை மணியில் போன் வந்தது. எடுத்ததுமே சிரிப்பு.

"ஏனுங்க சார், திருடன் வருகைப் பதிவெல்லாம் பாத்தா திருடுவான்? உங்க லிஸ்டைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சுங்க. போன் ஆப்புல ஒரு மாச மெயிலை மட்டும் காட்டுன்னு இருக்குது. தினம் ஒரு நாள் புதுசா வந்தா, பழசுல ஒரு நாள் விலகும்."

"அப்ப அழிஞ்சு போகலீங்களா?"

"எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்குதுங்க. அக்கவுண்ட் செட்டிங்ஸ் போங்க. எத்தனை நாள் மெயில்னு ஒண்ணு இருக்கும். 'எல்லாம்'னு வைங்க."

வைத்தேன். ஆசிரியர் அறையிலேயே துள்ளிவிட்டேன். போன மாதம், அதற்கு முந்தின மாதம் என்று மெயில்கள் மளமளவென்று இறங்கின. இதோ, என் நெறியாளர்! பதினோரு திருத்தங்கள். அடியில் ஒரு வரி: 'படித்ததும் எனக்குப் போன் செய்யுங்கள்.'

மூன்று மாதமாக நான் செய்யவே இல்லை. இப்போது செய்தேன்.

"இப்பத்தான் படிச்சீங்களாக்கும்?" என்றார் எடுத்தவுடன்.

"ஆமாங்க சார்."

"போன் வரலைன்னதுமே தெரியுமுங்க. நீங்களா எப்பச் சொல்றீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். சரி, வெள்ளிக்கு இன்னும் மூணு நாள் முழுசாக் கெடக்குது. உக்காந்து எழுதுங்க."

உட்கார்ந்தேன். முதல் திருத்தமே இரண்டு பக்கம்.