நிஜச் சிலை

அப்பா பழம்பொருள் கடை வைத்திருந்தார். ஒரு தரகர் வெண்கல அம்மன் சிலையைக் கொண்டுவந்து, "எங்க பாட்டன் வீட்டுச் சாமிண்ணே" என்றார். போலியாக இருக்குமோ என்று மட்டும்தான் அப்பா பயந்தார். உலோகத்தைச் சோதனைக்கு அனுப்பினார். பழங்காலக் கலவைதான் என்று அறிக்கை வந்ததும் வாங்கிவிட்டார்.

பிறகு கடைக்கு வந்த விசாரணை அதிகாரி பீடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கம்பு கோக்க வளையம் இருக்கே. இது ஊர்வலச் சாமி. வீட்டுக்குள்ள ஹாலுக்கும் சமையக்கட்டுக்குமா ஊர்வலம் விட்டாங்க?"

"நிஜச் சிலைதான் சார். ரிப்போர்ட் இருக்கு."

"நிஜம்தான் பெரியவரே, அதான் வில்லங்கமே. அவங்க வீட்ல இருந்தப்ப எடுத்த போட்டோ, பழைய ரசீது, தொல்லியல் துறைப் பதிவு, ஏதாச்சும் கேட்டீங்களா? திருடுபோன சிலைங்க பட்டியலாவது பாத்தீங்களா?"

அப்பா எதையும் கேட்கவில்லை, பார்க்கவில்லை. ஒரு கோயிலில் முன்பு எடுத்ததாக அதிகாரி காட்டிய புகைப்படத்தில் அதே சிலை, அதே உடைந்த விரலோடு இருந்தது. தரகர் தலைமறைவானார். வழக்கு அப்பா மேல் விழுந்தது.

"நான் திருடன் இல்லைன்னு கோர்ட்டு எழுதணும்டா" என்பதே அவர் பேச்சாகிவிட்டது.

போன மாதம் அப்பா இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு முடிகிறது என்று நீதிமன்றம் எழுதியது. திருடன் இல்லை என்று எழுதவில்லை. இனி எழுதவும் எழுதாது.