ஒன்பது தடவை உத்தமபாளையம்

பிள்ளைகளா, அம்மாவை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "பிரவுசிங் சென்டரில்" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். மீதியை இன்று எழுதிவிடுகிறேன். நான் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவன். தப்பு இருந்தால் அம்மாவிடம் காட்டுங்கள். என் எழுத்தைத் திருத்துவது அவளுக்குப் பழக்கம்தான்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் இருக்கும். தேனியில் அறை எடுத்துத் தங்கி, ஒரு விதைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கார்டில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்று போட்டிருக்கும். வேலை என்னவோ, தக்காளி விதையும் வெண்டை விதையும் பையில் போட்டுக்கொண்டு கம்பம் வரை உரக்கடை உரக்கடையாக ஏறி இறங்குவதுதான். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள், போன மாதம் எந்தத் தேதியில் எங்கே போனேன், பஸ்ஸுக்கு எவ்வளவு, சாப்பாட்டுப் படி எவ்வளவு என்று கோயம்புத்தூர் மேனேஜருக்கு மெயில் அனுப்ப வேண்டும். இரண்டு மாதமாக என் மெயில் தப்பு என்று திரும்பி வந்துவிட்டது. "மூணாவது தடவையும் தப்பா வந்தா உன்னை ராமநாதபுரம் ஏரியாவுக்கு மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

சொன்னால் செய்கிற மனுசன். உத்தமபாளையத்தை விட்டு ராமநாதபுரமா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

உத்தமபாளையத்தில்தான் அந்த பிரவுசிங் சென்டர் இருந்தது. உங்கள் அம்மாவின் தாய்மாமா நடத்தினார். அவர் வாசல் மேசையில் காசு வாங்குவார். உள்ளே டைப் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது எல்லாம் அவள். ஐந்தாம் தேதி மத்தியானம் போய், "அனுப்புறதுக்கு முன்னால கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரலைத் திரையில் வைத்து வரிவரியாக இறங்கினாள்.

"ஜூன் முப்பத்தொண்ணு கோம்பை போயிருக்கீக. ஜூனுக்கு முப்பத்தொண்ணு எந்த ஊருல வருது?"

முப்பது என்று மாற்றினேன்.

"கூட்டுனதும் தப்பு. சின்னமனூரு வரி ரெண்டு தடவ இருக்கு. ஒரே நாள்ல ரெண்டு தடவ போனீகளா?"

"இல்லங்க, காப்பி அடிச்சு ஒட்டும்போது..."

"பாத்து ஒட்டுங்க."

அதையும் எடுத்தேன். பிறகு அவள் விரல் நின்றுவிட்டது. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"உத்தமபாளையம் ஒம்பது தடவ போட்டிருக்கீக. இங்கன ஒங்களுக்கு எத்தன கடை?"

"ரெண்டு."

"ரெண்டு கடைக்கு ஒம்பது தடவையா?"

எனக்குக் காது சுட்டது. அவள் எழுந்துபோய், வருகிறவர்கள் பேரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டைக் கொண்டுவந்தாள். திரையை ஒரு கண், நோட்டை ஒரு கண். ஜூன் மூன்று, இருக்கிறது. ஜூன் எட்டு, இருக்கிறது. ஒன்பது தேதியிலும் என் கையெழுத்து! அவள் தாவணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வாசலிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "ஏத்தா, ஒரு மெயில அனுப்ப ஒரு மணி நேரமா? தம்பி, அதுக்குப் பஸ்ஸேறிக் கோயமுத்தூருக்கே நேர்ல போயிரலாம்ல?"

"கணக்கு ஒதைக்குது மாமா!" என்று கத்தியவள், என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "என்னைக்கு எந்தக் கடைக்குப் போனீகன்னு தெனமும் ரிப்போர்ட் அனுப்புவீகல்ல? அதுல இந்த ஊரு எத்தன தடவ?"

"ரெண்டு."

"மேனேஜர் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை பிள்ளைகளா. போனது நிஜம், செலவானது நிஜம், அதனால் எழுதினேன். யார் வேலையாகப் போனேன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"ஏழு வரிய எடுங்க. அது கம்பெனி வேல இல்ல."

"எடுத்திர்றேன்."

ஒவ்வொன்றாக அழித்தேன். அவள் தேதியைச் சொல்லச் சொல்ல நான் அழித்தேன். வரி குறையக் குறைய எனக்குச் சிரிப்பு பொங்கியது, அவளுக்கும்தான். புதிதாகக் கூட்டிப் பார்த்து, நான் கூட்டியதை அவள் ஒருமுறை கூட்டிப் பார்த்து, அனுப்பினோம்.

"தப்பா அனுப்பியிருந்தா ராமநாதபுரம் போயிருப்பீக" என்றாள். "அங்கருந்து இங்கன வர பஸ்ஸுக்கு எம்புட்டு ஆகும்!"

"அப்ப... வரலாமா?"

நோட்டை மூடினாள். "பில்லு போடாம வாங்க."

மாமாவிடம் காசைக் கொடுத்துத் தெருவுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் செல்போன் அடித்தது. மேனேஜர். "இந்த மாசந்தான்யா ஒழுங்கா அனுப்பியிருக்க. அங்கயே இரு" என்று வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது, ஜன்னலோரம் இடத்தோடு. கண்டக்டர் கைகாட்டிக் கூப்பிட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன். அதற்கடுத்ததையும் விட்டுவிட்டு, அந்த ஊர் வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.